சயனேட்டும் ஃபல்மினேட்டும்: புள்ளி அமைப்பு வரைந்து சரியான வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி

ஆக்சிஜன் ஒன்று, கார்பன் ஒன்று, நைட்ரஜன் ஒன்று. இந்த மூன்று அணுக்களையும் O–C–N என்ற வரிசையில் கோத்து, ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகக் கொடுத்தால் சயனேட் அயனி. அதே மூன்று அணுக்களை C–N–O என்று, நைட்ரஜனை நடுவில் வைத்துக் கோத்தால் ஃபல்மினேட் அயனி. சோடியம் சயனேட் சாதுவான வெள்ளை உப்பு. 550 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும், அவ்வளவுதான். வெள்ளி ஃபல்மினேட் அப்படி இல்லை, லேசாக உரசினாலே வெடித்துவிடும்.

1820களில் வெள்ளி சயனேட், வெள்ளி ஃபல்மினேட் ஆகிய இரண்டு உப்புகளும் வேதியியலாளர்களைக் குழப்பின. வோலர் சயனேட்டைப் பகுத்துப் பார்த்தார். லீபிக் ஃபல்மினேட்டைப் பகுத்துப் பார்த்தார். இருவருக்கும் ஒரே விகிதத்தில் ஒரே தனிமங்கள் கிடைத்தன. யாரோ ஒருவர் கணக்கில் தவறியிருக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். மறுபடி செய்து பார்த்தபோது இரண்டுமே சரி என்று தெரிந்தது. ஒரே அணுக்கள் வேறு வரிசையில் சேர்ந்தால் வேறு பொருள் ஆகும் என்ற எண்ணம் வேரூன்றியதில் இதற்குப் பங்கு உண்டு. 1830இல் பெர்சிலியஸ் அதற்கு மாற்றியம் என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார்.

இன்று ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் அந்த இரண்டு அயனிகளுக்கும் உள்ள வேறுபாட்டை அரை மணி நேரத்தில் நீங்களே கண்டுபிடிக்கலாம். அதற்கு மூன்று வேலைகள் தெரிய வேண்டும்: எலக்ட்ரான் புள்ளி அமைப்பு வரைவது, ஒவ்வோர் அணுவுக்கும் முறைசார் மின்சுமை போடுவது, பல வடிவங்கள் வந்தால் எது சிறந்தது என்று சொல்வது. முதலில் நைட்ரேட்டை வைத்துக் கை பழகிக்கொள்வோம். அப்புறம் சயனேட்டுக்குப் போகலாம்.

முதலில் எண்ணுங்கள்

வரைவதற்கு முன் மொத்த எலக்ட்ரான் எண்ணிக்கையைத் தாளின் மூலையில் எழுதிவிட வேண்டும். எண்ணுவது வெளிக்கூட்டில் இருக்கும் இணைதிறன் எலக்ட்ரான்களை மட்டும். கார்பனுக்கு 4, நைட்ரஜனுக்கு 5, ஆக்சிஜனுக்கும் கந்தகத்துக்கும் 6. அயனியின் மின்சுமை எதிராக இருந்தால் அத்தனை எலக்ட்ரான்களைக் கூட்ட வேண்டும், நேராக இருந்தால் கழிக்க வேண்டும்.

நைட்ரேட் NO₃⁻ என்றால் 5 + (3 × 6) + 1 = 24. அம்மோனியம் NH₄⁺ என்றால் 5 + 4 − 1 = 8.

புதியவர்களின் நோட்டுகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. கழித்தல் குறியைப் பார்த்ததும் கை தானாகவே ஒன்றைக் கழித்துவிடும். 24 வர வேண்டிய இடத்தில் 22 வந்து நிற்கும். எதிர் மின்சுமை என்றால் எலக்ட்ரான் கூடியிருக்கிறது என்று பொருள். எலக்ட்ரானின் சுமையே எதிர்ச்சுமைதானே. இந்தத் தவறு நடந்தால் பின்னால் ஒரு சோதனையில் கட்டாயம் பிடிபடும், அதைப் பிறகு சொல்கிறேன்.

எலும்புக்கூடு, பிறகு புள்ளிகள்

அடுத்து எந்த அணு நடுவில் என்று முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் எலக்ட்ரான் கவர்தன்மை குறைந்த அணு நடுவில் வரும், ஹைட்ரஜன் மட்டும் ஒருபோதும் வராது. நைட்ரேட்டில் நைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் மூன்று. நைட்ரஜனின் கவர்தன்மை பாலிங் அளவில் 3.04, ஆக்சிஜனுடையது 3.44. ஆகவே நைட்ரஜன் நடுவில், மூன்று ஆக்சிஜன்களும் அதைச் சுற்றி.

நைட்ரஜனிலிருந்து ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் ஒரு கோடு போடுங்கள். ஒரு கோடு இரண்டு எலக்ட்ரான்கள். மூன்று கோடுகளில் 6 போய்விட்டது, மீதி 18. இப்போது வெளியே இருக்கும் அணுக்களை முதலில் நிரப்ப வேண்டும். ஒவ்வோர் ஆக்சிஜனையும் சுற்றி எட்டு வரவேண்டும். கோட்டில் ஏற்கெனவே இரண்டு இருப்பதால் இன்னும் ஆறு புள்ளிகள், அதாவது மூன்று தனித்த எலக்ட்ரான் இணைகள் தேவை. மூன்று ஆக்சிஜன்களுக்கு 18. கையில் இருந்த எல்லாம் தீர்ந்தது.

நடுவில் இருக்கும் நைட்ரஜனைப் பாருங்கள். அதைச் சுற்றி மூன்று கோடுகள், அதாவது ஆறு எலக்ட்ரான்கள்தான் இருக்கின்றன. எண்ம விதிப்படி எட்டு வேண்டும். புதிதாக எலக்ட்ரான் கொண்டுவர முடியாது, கையிருப்பு முடிந்துவிட்டது. ஆகவே ஏதாவது ஓர் ஆக்சிஜனின் தனித்த இணை ஒன்றை எடுத்து, அதற்கும் நைட்ரஜனுக்கும் நடுவில் இரண்டாவது கோடாக மாற்ற வேண்டும். அந்த ஆக்சிஜனுக்கு எட்டு குறையவில்லை, ஏனென்றால் கோடு இரு பக்கமும் கணக்கில் சேரும். நைட்ரஜனுக்கும் எட்டு ஆகிவிட்டது.

வெளி அணுக்களை நிரப்பிய பின்னும் எலக்ட்ரான் மிஞ்சினால், அது நடு அணுவுக்குப் போக வேண்டும். நைட்ரைட் NO₂⁻ இதற்கு நல்ல உதாரணம். மொத்தம் 18. இரண்டு கோடுகளுக்கு 4, இரண்டு ஆக்சிஜன்களுக்கும் 12, மீதி 2. இந்த இரண்டும் நைட்ரஜனின் தலையில் ஒரு தனித்த இணையாக உட்கார வேண்டும். இதை மறந்துவிடுபவர்கள் நிறைய பேர்.

முறைசார் மின்சுமை: சொத்துப் பிரிப்புக் கணக்கு

இதை நான் எப்போதும் சொத்துப் பிரிப்பாகவே விளக்குவேன். ஓர் அணுவின் மேல் இருக்கும் தனித்த புள்ளிகள் அதன் சொந்தச் சொத்து, முழுதும் அதற்கே. இரண்டு அணுக்களுக்கு நடுவில் இருக்கும் கோடு கூட்டுச் சொத்து. இரண்டு எலக்ட்ரான்களையும் சரிபாதியாகப் பிரித்தால் ஆளுக்கு ஒன்று. அப்படிப் பிரித்த பின் அந்த அணுவின் கையில் எத்தனை இருக்கிறது, தனியாக இருந்தபோது எத்தனை இருந்தது என்று ஒப்பிடுவதுதான் முறைசார் மின்சுமை.

```
முறைசார் மின்சுமை = இணைதிறன் எலக்ட்ரான்கள் − (தனித்த புள்ளிகள் + கோடுகள்)
```

இதில் கவனிக்க வேண்டியது, தனித்தவற்றைப் புள்ளிகளாக எண்ண வேண்டும், பிணைப்புகளைக் கோடுகளாக எண்ண வேண்டும். ஒரு தனித்த இணையை ஒன்று என்று எண்ணினால் எல்லாம் கெட்டுவிடும்.

நாம் வரைந்த நைட்ரேட்டுக்குப் போடுவோம். நைட்ரஜனுக்கு 5 − (0 + 4) = +1. இரட்டைக் கோட்டில் இருக்கும் ஆக்சிஜனுக்கு 6 − (4 + 2) = 0. ஒற்றைக் கோட்டில் இருக்கும் இரண்டு ஆக்சிஜன்களுக்கும் 6 − (6 + 1) = −1. கூட்டினால் +1 + 0 − 1 − 1 = −1. நைட்ரேட்டின் மின்சுமையும் −1. சரியாக வந்துவிட்டது.

இந்தக் கூட்டல்தான் நான் முன்பு சொன்ன சோதனை. ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். முறைசார் மின்சுமைகளின் கூடுதல் அயனியின் மின்சுமைக்குச் சமமாக இல்லையென்றால் எலக்ட்ரான் எண்ணிக்கையில் தவறு இருக்கிறது. 24க்குப் பதில் 22 வைத்து வரைந்தவருக்கு, எப்படி வரைந்திருந்தாலும் கூடுதல் +1 என்றே வரும். நைட்ரைட்டில் நைட்ரஜனின் தனித்த இணையை மறந்தவருக்கு நைட்ரஜன் மேல் +2 விழும், கூடுதல் −1க்குப் பதில் +1 ஆகும். விடை இரண்டால் தவறினால் ஒரு இணை எங்கோ விட்டுப்போயிருக்கிறது அல்லது கூடியிருக்கிறது என்று தேடத் தொடங்கலாம். ஆனால் கூடுதல் சரியாக வந்துவிட்டது என்பதாலேயே வடிவம் நல்ல வடிவம் ஆகிவிடாது. எண்ணிக்கை சரி என்பது மட்டுமே அதற்குப் பொருள்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆக்சிஜனேற்ற எண்ணும் இதுவும் ஒன்றல்ல. ஆக்சிஜனேற்ற எண் போடும்போது கூட்டுச் சொத்தைப் பிரிப்பதில்லை, கவர்தன்மை அதிகமான அணுவுக்கே கோடு முழுவதையும் கொடுத்துவிடுகிறோம். அதனால்தான் நைட்ரேட்டில் நைட்ரஜனின் ஆக்சிஜனேற்ற எண் +5, முறைசார் மின்சுமை +1. உண்மையில் அந்த நைட்ரஜன் மேல் இருக்கும் சுமை இந்த இரண்டில் எதுவும் இல்லை. இரண்டுமே இரண்டு விதக் கணக்கு வழக்குகள்.

+1ஐ அழிக்கப் பார்க்காதீர்கள்

நைட்ரஜன் மேல் +1 இருப்பதைப் பார்த்ததும் பலருக்கு உறுத்தும். இன்னோர் ஆக்சிஜனின் தனித்த இணையையும் இரண்டாவது கோடாக மாற்றினால் நைட்ரஜன் 5 − 5 = 0 ஆகிவிடுமே, அழகாக இருக்குமே என்று தோன்றும். மாணவர்கள் இதை ஆர்வத்தோடு செய்துவிட்டு, மின்சுமைகளைக் குறைத்துவிட்டேன் என்று காட்டுவார்கள். கணக்கும் கூட்டினால் −1 என்றே வரும்.

ஆனால் நைட்ரஜனைச் சுற்றி எண்ணுங்கள். ஐந்து கோடுகள், பத்து எலக்ட்ரான்கள். நைட்ரஜன் இரண்டாம் வரிசைத் தனிமம். அதன் வெளிக்கூட்டில் ஓர் s ஆர்பிட்டாலும் மூன்று p ஆர்பிட்டால்களும்தான், எட்டுக்கு மேல் இடமே கிடையாது. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் நான்குக்கும் இது பொருந்தும். முறைசார் மின்சுமையைக் குறைப்பது இரண்டாவது கவலை. எட்டைத் தாண்டாமல் இருப்பது முதல் கவலை. வரிசை மாறினால் தவறான வடிவம் வந்துவிடும்.

எந்த ஆக்சிஜனுக்கு இரட்டைக் கோடு?

நைட்ரேட்டில் மூன்று ஆக்சிஜன்களில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்திருக்கலாம். ஆகவே மூன்று வடிவங்கள் வரும். அவற்றை இரு தலை அம்புக்குறி ↔ போட்டு இணைத்து எழுதுவோம். இவைதான் உடனிசைவு அமைப்புகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அணுக்கள் அசையக் கூடாது, புள்ளிகளும் கோடுகளும் மட்டுமே இடம் மாறலாம். அணு இடம் மாறிவிட்டால் அது வேறு பொருள். சயனேட்டும் ஃபல்மினேட்டும் உடனிசைவு அமைப்புகள் ஆகாதது இதனால்தான்.

அந்த அம்புக்குறியைப் பார்த்து, அயனி மூன்று வடிவங்களுக்கு நடுவே மாறி மாறித் தாவுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். அயனி எப்போதும் ஒரே வடிவம்தான். நம்முடைய கோடும் புள்ளியும் அதை ஒரே படத்தில் காட்டப் போதவில்லை, அதனால் மூன்று படங்கள் போடுகிறோம். அளவீடு இதைத் தெளிவாகச் சொல்கிறது. நைட்ரேட்டில் மூன்று N–O பிணைப்புகளும் ஏறக்குறைய 125 பிக்கோமீட்டர், ஒரே நீளம். ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டு நைட்ரிக் அமிலம் ஆனதும் சமநிலை கெடுகிறது. ஹைட்ரஜன் ஒட்டிய ஆக்சிஜனின் பிணைப்பு 141 வாக்கில் நீள்கிறது, மற்ற இரண்டும் 121 வாக்கில் சுருங்குகின்றன. நைட்ரேட்டின் 125 அந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில் விழுவதைக் கவனியுங்கள். நான்கு கோடுகளை மூன்று இடங்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 4/3. சராசரிப் பிணைப்பு எண் என்று சொல்வது இதைத்தான்.

நைட்ரேட்டின் மூன்று வடிவங்களும் சம அந்தஸ்து உள்ளவை. எது சிறந்தது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. சயனேட்டில்தான் அந்தக் கேள்வி எழுகிறது.

சயனேட்: மூன்று வடிவங்கள், ஒரே கணக்கு

மொத்தம்: 6 + 4 + 5 + 1 = 16. மூன்றில் கவர்தன்மை குறைந்தது கார்பன் (2.55), அது நடுவில். O–C–N என்று இரண்டு கோடுகள், 4 போனது. மீதி 12. இரண்டு முனைகளுக்கும் ஆறு ஆறு புள்ளிகள், தீர்ந்தது. கார்பனைச் சுற்றி நான்கு எலக்ட்ரான்கள்தான் இருக்கின்றன. இன்னும் நான்கு வேண்டும், அதாவது இரண்டு கோடுகள் கூட வேண்டும்.

இந்த இரண்டு கோடுகளையும் எங்கிருந்து எடுப்பது? இரண்டையும் நைட்ரஜனிடமிருந்து எடுக்கலாம். ஆளுக்கு ஒன்றாக எடுக்கலாம். இரண்டையும் ஆக்சிஜனிடமிருந்து எடுக்கலாம். மூன்றையும் எழுதி, வரிசையாக O, C, N மேல் விழும் முறைசார் மின்சுமைகளைப் பக்கத்தில் போடுவோம்.

```
அ)  O – C ≡ N      −1    0    0
ஆ)  O = C = N       0    0   −1
இ)  O ≡ C – N      +1    0   −2
```

முதல் வடிவத்தை மட்டும் முழுதாகச் செய்து காட்டுகிறேன். ஆக்சிஜன் மேல் மூன்று தனித்த இணைகள், ஒரு கோடு: 6 − (6 + 1) = −1. கார்பனுக்கு நான்கு கோடுகள்: 4 − 4 = 0. நைட்ரஜன் மேல் ஒரு தனித்த இணை, மூன்று கோடுகள்: 5 − (2 + 3) = 0. மற்ற இரண்டையும் நீங்களே போட்டு, மூன்றிலும் கூடுதல் −1 வருகிறதா என்று பாருங்கள்.

இனித் தேர்வு. முதல் கேள்வி, எல்லா அணுக்களுக்கும் எட்டு இருக்கிறதா? மூன்று வடிவங்களிலும் இருக்கிறது, ஆகவே இதை வைத்து எதையும் தள்ள முடியாது. இரண்டாவது கேள்வி, மின்சுமைகள் சின்னதாக இருக்கின்றனவா? (இ)யில் நைட்ரஜன் மேல் −2, ஆக்சிஜன் மேல் +1. சுமை தேவையில்லாமல் பிரிந்து கிடக்கிறது, அதுவும் கவர்தன்மை மிக அதிகமான ஆக்சிஜனிடமிருந்து பிடுங்கி நைட்ரஜனிடம் கொடுத்தது போல. இதை ஓரம் கட்டிவிடலாம். (அ)வும் (ஆ)வும் சமம், இரண்டிலும் ஒரே ஒரு −1. அப்போதுதான் மூன்றாவது கேள்வி வருகிறது: எதிர்ச்சுமை எந்த அணு மேல்? ஆக்சிஜன் 3.44, நைட்ரஜன் 3.04. எதிர்ச்சுமையைத் தாங்க ஆக்சிஜனே தகுந்தது. ஆகவே (அ) முதலிடம்.

(ஆ) தோற்றுப்போய் மறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உண்மையான சயனேட் அயனி (அ), (ஆ) இரண்டின் கலவை, (அ)வுக்குப் பங்கு கூடுதல் என்பதே இந்தத் தேர்வின் பொருள். (இ)யின் பங்கு மிகச் சொற்பம்.

இதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. சயனேட்டோடு புரோட்டான் ஒன்று சேர்ந்தால் எங்கே ஒட்டும்? சிறந்த வடிவத்தில் −1 ஆக்சிஜன் மேல்தானே இருந்தது, அங்கேதான் ஒட்டும் என்று நினைப்போம். ஆனால் பெரும்பாலும் கிடைப்பது நைட்ரஜன் மேல் ஹைட்ரஜன் உள்ள HNCO, அதாவது ஐசோசயனிக் அமிலம். நைட்ரஜன் மேலும் எலக்ட்ரான் செறிவு போதிய அளவு இருக்கிறது என்பதை (ஆ) வடிவம் முன்பே சொல்லியிருந்தது. அதோடு, வினையில் எது கிடைக்கும் என்பது விளைபொருளின் நிலைத்தன்மையையும் பொறுத்தது, அயனியின் படத்தை மட்டும் பார்த்து அதை முடிவு செய்ய முடியாது. முறைசார் மின்சுமையிடம் கேட்கக்கூடிய கேள்வி, எந்தப் படம் அதிகம் பொருந்துகிறது என்பதுதான். வினை எங்கே நடக்கும் என்ற கேள்விக்கு அது உறுதியான விடை தராது.

நைட்ரஜனை நடுவில் வைத்தால்

இப்போது ஃபல்மினேட். அதே 16 எலக்ட்ரான்கள், அதே வேலை, நடுவில் மட்டும் நைட்ரஜன். C, N, O வரிசையில் மின்சுமைகள் இப்படி வருகின்றன:

```
அ)  C ≡ N – O      −1   +1   −1
ஆ)  C = N = O      −2   +1    0
இ)  C – N ≡ O      −3   +1   +1
```

சயனேட்டின் பட்டியலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே சிறந்த வடிவத்தில் ஒரே ஓர் அணு மேல் −1, மற்றவை சுழியம். இங்கே சிறந்த வடிவமான (அ)விலேயே மூன்று அணுக்களிலும் மின்சுமை. நடுவில் நைட்ரஜன் நான்கு கோடுகளோடு இருப்பதால் எந்த வடிவத்திலும் +1 அதை விட்டுப் போவதில்லை. கவர்தன்மை மிகக் குறைந்த கார்பன் எல்லாவற்றிலும் எதிர்ச்சுமையைச் சுமக்கிறது. (இ)யில் அது −3 வரை போகிறது, பக்கத்திலேயே நைட்ரஜனும் ஆக்சிஜனும் இரண்டும் +1. ஒரே குறியுள்ள சுமைகள் அடுத்தடுத்த அணுக்களில் நிற்பதும் ஒரு கெட்ட அடையாளம். அதை எழுதுவதே பயிற்சிக்காகத்தான்.

நடுவில் எதை வைப்பது என்ற விதி எங்கிருந்து வருகிறது என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. வரிசை தெரியாத ஓர் அயனி வந்தால் இரண்டு எலும்புக்கூடுகளையும் வரைந்து மின்சுமை போட்டுப் பார்த்தால் போதும், எது நிலையானது என்று அதுவே காட்டிவிடும். ஆக்சிஜனை நடுவில் வைத்தால் இன்னும் மோசம், அதன் மேல் 6 − 4 = +2 விழும்.

ஆனால் +1, −1 இருப்பதாலேயே ஒரு பொருள் வெடிக்கும் என்று சொல்லிவிட முடியாது. நைட்ரேட்டிலும் நைட்ரஜன் மேல் +1 இருந்ததே. ஃபல்மினேட் வெடிப்பதற்கு முக்கியக் காரணம், அதன் அணுக்கள் பிரிந்து நைட்ரஜன் வாயு, கார்பன் மோனாக்சைடு போன்ற மிக வலுவான பிணைப்புள்ள மூலக்கூறுகளாக மாறும்போது ஏராளமான ஆற்றல் வெளிவருவது. பாதரச ஃபல்மினேட்டை நோபல் 1860களில் வெடிப்பானில் பயன்படுத்தியது இந்தக் குணத்துக்காகத்தான். அந்த அயனி சயனேட்டைவிட உயரமான ஆற்றல் நிலையில் இருக்கிறது என்பதற்கான குறிப்பு நம் தாளில் தெரிகிறது. அவ்வளவு சொன்னால் நேர்மையாக இருக்கும்.

நடைமுறையில் இங்கே ஒரு எச்சரிக்கை. சயனேட்டை OCN⁻ என்றோ NCO⁻ என்றோ எழுதலாம், இரண்டிலும் கார்பன் நடுவில். அவசரத்தில் CNO⁻ என்று எழுதிவிட்டால் அது ஃபல்மினேட்டைக் குறிக்கும். மூன்று எழுத்துகளும் சரியாக இருக்கும், பொருள் மட்டும் மாறிவிடும்.

தயோசயனேட்டில் விதி இழுபடுகிறது

ஆக்சிஜன் இருந்த இடத்தில் கந்தகத்தை வைத்தால் தயோசயனேட் SCN⁻. கந்தகத்துக்கும் வெளிக்கூட்டில் ஆறுதான், ஆகவே மறுபடியும் 16, மறுபடியும் அதே மூன்று வடிவங்கள், அதே எண்கள். S – C ≡ N வடிவத்தில் −1 கந்தகத்தின் மேல், S = C = N வடிவத்தில் −1 நைட்ரஜன் மேல். மாறுவது கடைசிக் கேள்வியின் விடைதான். கந்தகத்தின் கவர்தன்மை 2.58, நைட்ரஜனுடையது 3.04. விதிப்படி எதிர்ச்சுமை நைட்ரஜனிடம் போக வேண்டும், ஆகவே S = C = N சிறந்தது. தேர்வில் இந்த விடையைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

அளந்து பார்த்தால் கதை அவ்வளவு ஒருதலையாக இல்லை. தயோசயனேட் உப்புகளில் C–N பிணைப்பு 115 முதல் 117 பிக்கோமீட்டர் அளவில் இருக்கிறது. அது முப்பிணைப்புக்கு மிக நெருங்கிய நீளம். C–S பிணைப்போ 165 முதல் 170 அளவில், ஒற்றைப் பிணைப்பின் 182க்கும் இரட்டைப் பிணைப்பின் நீளத்துக்கும் இடையில் நிற்கிறது. அதாவது S – C ≡ N வடிவத்தின் பங்கும் கணிசமானது. மூன்றாவது விதி மென்மையானது, அதன் முடிவை நூற்றுக்கு நூறு என்று நம்பக் கூடாது. இரண்டு வடிவங்களையும் எழுதி, ஒன்றை முதன்மை என்று குறிப்பதே நல்ல விடை.

ஆய்வகத்தில் ஃபெரிக் அயனிக்கு இந்தக் கரைசலைச் சொட்டுவிட்டு ரத்தச் சிவப்பு வருகிறதா என்று பார்த்திருப்பீர்கள். அங்கே இரும்போடு பிணைவது நைட்ரஜன் முனை. பாதரச அயனி வந்தால் கந்தக முனையால் பிணைகிறது. இரண்டு முனைகளிலும் எலக்ட்ரான் செறிவு இருப்பதை, இரண்டு வடிவங்களையும் எழுதி வைத்திருந்தவர் முன்கூட்டியே ஊகித்திருப்பார்.

சல்பேட் பற்றி

எட்டைத் தாண்டக் கூடாது என்ற கட்டளை மூன்றாம் வரிசைக்கு வந்ததும் தளர்கிறது, அங்கேதான் புத்தகத்துக்குப் புத்தகம் விடை மாறுகிறது. SO₄²⁻ அயனிக்கு 6 + 24 + 2 = 32. நான்கு ஒற்றைக் கோடுகளோடு வரைந்தால் எல்லாருக்கும் எட்டு சரியாக அமையும், ஆனால் கந்தகம் மேல் +2, ஒவ்வோர் ஆக்சிஜன் மேலும் −1. இரண்டு ஆக்சிஜன்களுக்கு இரட்டைக் கோடு கொடுத்தால் கந்தகம் சுழியம் ஆகும், இரண்டு ஆக்சிஜன்கள் மட்டும் −1 சுமக்கும். கந்தகத்தைச் சுற்றி பன்னிரண்டு எலக்ட்ரான்கள் வந்துவிடும்.

பள்ளிப் பாடங்களில் பெரும்பாலும் இரண்டாவது படம்தான். சல்பேட்டில் நான்கு பிணைப்புகளும் 149 பிக்கோமீட்டர். கந்தக அமிலத்தில் ஹைட்ரஜன் ஒட்டிய ஆக்சிஜனுக்கு 157, ஒட்டாத ஆக்சிஜனுக்கு 142. ஆகவே சல்பேட்டின் பிணைப்பு வெறும் ஒற்றைப் பிணைப்பைவிடக் குறுகியது என்பது உறுதி. ஆனால் இதற்கு இரட்டைப் பிணைப்புதான் காரணம் என்று சொல்லத் தேவையில்லை. கந்தகத்தின் நேர்ச்சுமையும் ஆக்சிஜனின் எதிர்ச்சுமையும் ஒன்றையொன்று இழுப்பதும் பிணைப்பைச் சுருக்கும். கணினிக் கணக்கீடுகளில் கந்தகத்தின் d ஆர்பிட்டால்களுக்குப் பெரிய பங்கு தெரிவதில்லை. அதனால் நான்கு ஒற்றைக் கோடுகள் உள்ள முதல் படமே உண்மைக்குக் கூடுதல் நெருக்கம் என்று இன்று பலர் கருதுகிறார்கள், எனக்கும் அதுவே படுகிறது.

தேர்வு எழுதுபவருக்கு என் யோசனை இது: கேள்வியில் "முறைசார் மின்சுமையைக் குறைத்து வரைக" என்று இருந்தால் இரண்டாவது படத்தை வரையுங்கள். "எண்ம விதிப்படி வரைக" என்று இருந்தால் முதல் படத்தை வரையுங்கள். இரண்டிலும் ஒவ்வோர் அணு மேலும் மின்சுமையை எழுதி, கூடுதல் −2 வருகிறது என்று பக்கத்தில் காட்டிவிடுங்கள். எந்தக் கணக்கில் எந்தப் படம் வந்தது என்று திருத்துபவருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.